ஒரு காரணம் போதுமா? எளிய விளக்கத்தை எப்போது நம்புவது, எப்போது விடுவது: ஒரு ரத்த அறிக்கையை வைத்து முழுமையான வழிகாட்டி

முடி கொட்டுகிறது என்று ஒரு லோஷன். மலச்சிக்கலுக்கு ஒரு பவுடர். கொலஸ்ட்ரால் ஏறியிருக்கிறது என்று ஒரு மாத்திரை. மாதவிடாய் அதிகமாகப் போகிறது என்று இன்னொரு மாத்திரை. எப்போதும் அசதி என்பதற்கு ஒரு டானிக். ஐந்து சீட்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருகிற பெண்களைப் பொது மருத்துவம் பார்க்கிற எவரும் சந்தித்திருப்பார்கள். தைராய்டுக்கு ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால், சுரப்பி மந்தமாக வேலை செய்கிறது என்று தெரிகிறது. ஐந்து தொல்லைக்கும் வேர் அது ஒன்றுதான். அதற்கான மாத்திரையைச் சரியான அளவில் கொடுத்தால் பை மெல்ல மெல்லக் காலியாகும்.

எளிய விளக்கத்தைத் தேடு என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது இதனால்தான். இதற்கு ஆக்கமின் கத்தி என்று பெயர். 14-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த வில்லியம் ஆஃப் ஆக்கம் என்ற பிரான்சிஸ்கன் துறவியின் பெயரால் வந்தது. தேவைக்கு மேல் பொருள்களைப் பெருக்காதே என்று அவர் சொன்னதாக எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அந்த வாசகம் அப்படியே அவர் நூல்களில் கிடையாது, 17-ஆம் நூற்றாண்டில்தான் வந்து சேர்ந்தது என்பது வேறு கதை. நம் பக்கத்து நியாய சாத்திரக்காரர்களும் இரண்டு விளக்கம் சமமாகப் பொருந்தினால் லாகவமானதை எடு, கௌரவமானதை விடு என்றார்கள். அங்கே கௌரவம் என்றால் மரியாதை இல்லை, பாரம்.

‘சமமாகப் பொருந்தினால்’ என்ற அந்த நிபந்தனையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சமமாகப் பொருந்தாதபோது என்ன செய்வது? அமெரிக்க மருத்துவர் ஜான் ஹிக்கம் பெயரில் இதற்கு எதிர்வாக்கு ஒன்று உண்டு: நோயாளி தனக்கு இஷ்டப்பட்ட எண்ணிக்கையில் நோய்களை வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டு, நேரத்துக்கு ஏற்றதை எடுத்துவிடுவதில் பயன் இல்லை. எந்த இடத்தில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவது என்பதற்கு வழிமுறை வேண்டும். நான் ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வழிமுறையை ஒரே ஒரு நோயாளியை வைத்துக் காட்டுகிறேன். அவர் ஒரு தனி ஆள் அல்ல. நான் பார்த்த பலரைக் கலந்து, எண்களைப் பாடத்துக்கு ஏற்றபடி அமைத்திருக்கிறேன்.

முதல் படி: விளக்கத்துக்கு முன்னால் பட்டியல்

46 வயது, தையல் வேலை. எட்டு வருடமாக சுகர், மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரண்டு பாதமும் எரிகிறது, சில நேரம் மரத்துப்போகிறது.

“மெஷின் பெடல்ல கால் இருக்கா இல்லையான்னு குனிஞ்சு பாக்க வேண்டியிருக்கு டாக்டர்” என்றார்.

“நாக்குல புண் ஏதும் வருதாம்மா? காரம் ஒத்துக்குதா?”

“ரசம் சாதமே எரியுது. நான் அல்சர்னு நினைச்சேன்.”

இரண்டு வருடமாக மாதவிடாய் எட்டு, ஒன்பது நாள் நீடிக்கிறது. முட்டை, மீன், கறி எதுவும் சிறு வயதிலிருந்தே கிடையாது. பால் என்றால் காபியில் கலப்பதோடு சரி.

ரத்த அறிக்கை: ஹீமோகுளோபின் 8.6 கிராம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை. சிவப்பணுக்களின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. 86. வழக்கமான வரம்பு 80 முதல் 100 வரை, ஆகவே நார்மல். அந்த அணுக்கள் அளவில் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபடுகின்றன என்று சொல்லும் ஆர்.டி.டபிள்யூ. 21 சதவீதம். அது சுமார் 14.5-க்குள் இருக்க வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 0.8, அதுவும் நார்மல். மூன்று மாத சராசரி சர்க்கரை 8.1.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதச் சொல்வேன். பிடித்தது, பிடிக்காதது என்று பார்க்காமல், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. விளக்கம் மனதில் வந்த பிறகு எழுதினால் கை தானாகவே சிலதை விட்டுவிடும். இந்தக் கேஸில் முதலில் விடுபடுவது நாக்கு எரிச்சல். அடுத்தது ஆர்.டி.டபிள்யூ. அறிக்கையில் அது ஐந்தாவது, ஆறாவது வரியில் ஒளிந்திருக்கும். பல பேர் ஹீமோகுளோபினைப் பார்த்துவிட்டு எம்.சி.வி.யோடு நிறுத்திவிடுவார்கள்.

இரண்டாவது படி: எளிய விளக்கத்தை முழு பலத்தோடு சொல்லிப் பாருங்கள்

சுகர் எட்டு வருடம். சுகர் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீரகம் கெட்டால் ரத்தம் ஊறச் சொல்லும் ஹார்மோன் குறைந்து ரத்தசோகை வரும். அந்த ரத்தசோகையில் அணுக்களின் அளவு நார்மலாகத்தான் இருக்கும், எம்.சி.வி. 86 அதற்குப் பொருந்துகிறது. சுகர் நரம்பையும் கெடுக்கும், அதனால் கால் எரிச்சல். ஒரே காரணம், மூன்று தொல்லைக்கும் பதில். கேட்க அழகாக இருக்கிறது. கேஸ் ஷீட்டில் எழுத ஒரு வரி போதும்.

இதைக் கேலி செய்ய இங்கே வைக்கவில்லை. முதல் ஊகமாக இது நல்ல ஊகம்தான். இதைவிட்டு வேறெங்கும் போவதற்கு முன்னால் இதற்கு நியாயமான வாய்ப்பு கொடுக்க வேண்டும். எளிய விளக்கத்துக்கு முன்னுரிமை கொடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. புதிதாக ஒரு காரணத்தைச் சேர்க்கும்போதெல்லாம் அதுவும் உண்மையாக இருந்தாக வேண்டும் என்ற பளு கூடுகிறது. மேலும், நான்கு காரணம் கையில் இருந்தால் எந்த அறிக்கை வந்தாலும் அதில் ஏதோ ஒன்றை வைத்துச் சமாளித்துவிடலாம். எது வந்தாலும் சமாளிக்கிற விளக்கம் தவறு என்பதே தெரியவராது.

மூன்றாவது படி: அது உண்மையானால் எது இருக்கக்கூடாது?

பெரும்பாலோர், இந்த விளக்கம் எதையெல்லாம் சொல்கிறது என்று பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எதைத் தடுக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

சிறுநீரகத்தால் ரத்தசோகை என்றால், ஹீமோகுளோபின் 8.6 வரை இறங்க சிறுநீரகம் நன்றாகவே பழுதாகியிருக்க வேண்டும். கிரியாட்டினின் 0.8 வரக்கூடாது. வந்திருக்கிறது. அடுத்து, அந்த வகை ரத்தசோகையில் அணுக்கள் எண்ணிக்கையில் குறையும், ஆனால் அளவில் ஓரளவு ஒரே மாதிரி இருக்கும். ஆர்.டி.டபிள்யூ. 21 வரக்கூடாது. வந்திருக்கிறது. நாக்கு எரிச்சலுக்கும் சிறுநீரகத்துக்கும் சம்பந்தம் சொல்ல வேண்டுமானால் ஒட்டுப்போட வேண்டும்.

இந்த இடத்தில் ஒட்டுப்போடும் ஆசை வரும். “கிரியாட்டினின் நார்மலா இருந்தாலும் உள்ளுக்குள்ள ஆரம்பமாகியிருக்கும் சார்” என்று ஒரு ஜூனியர் சொன்னால், அந்த நிமிடமே எளிய விளக்கம் எளிமையை இழந்துவிட்டது. பெயரளவில் ஒரு காரணம்தான், ஆனால் அதைக் காப்பாற்ற மூன்று சமாதானம் கூடவே வருகிறது. காரணங்களை எண்ணும்போது சமாதானங்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

நான்காவது படி: மிச்சம் நிஜமா, இரைச்சலா?

எளிய விளக்கத்துக்குள் அடங்காமல் நிற்பதை மிச்சம் என்று சொல்வோம். மிச்சம் இருக்கிறது என்பதற்காகவே புதுக் காரணத்தைத் தேடி ஓடக்கூடாது. அளக்கிற கருவிக்கும் மனிதக் கைக்கும் பிழை உண்டு. ஆர்.டி.டபிள்யூ. 14.9 வந்திருந்தால் நான் ஒன்றும் பேசியிருக்க மாட்டேன். அந்த அளவு ஆட்டம் சாதாரணம், அதற்கொரு நோயைக் கண்டுபிடித்தால் அது காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

21 அப்படியில்லை. ஆனாலும் மூன்று கேள்வி கேட்டுவிடுவது நல்லது. கடந்த மூன்று நான்கு மாதத்தில் ரத்தம் ஏற்றினார்களா? ஏற்றியிருந்தால் சொந்த அணுக்களும் தானமாக வந்த அணுக்களும் கலந்து, நோயே இல்லாமல் ஆர்.டி.டபிள்யூ. ஏறும். இரும்பு மாத்திரையோ வைட்டமின் ஊசியோ அண்மையில் ஆரம்பித்தாரா? புதிதாக ஊறும் அணுக்களும் பழையவையும் கலந்து அப்போதும் ஏறும். மாதிரி எடுத்து வெகு நேரம் கழித்து ஓட்டினார்களா? அணுக்கள் ஊதிப்போயிருக்கலாம். இங்கே மூன்றுக்கும் இல்லை என்பதே பதில். மறுநாள் புது மாதிரியில் 20.7. ஆக, மிச்சம் நிஜம்.

ஐந்தாவது படி: சராசரிக்குக் கீழே பாருங்கள்

இந்தக் கேஸின் உயிர் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

மூன்று வயதுப் பேத்தியும் 67 வயதுப் பாட்டியும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களின் சராசரி வயது 35. அந்த பெஞ்சில் 35 வயது ஆளே கிடையாது. எம்.சி.வி.யும் அப்படி ஒரு சராசரிதான். 86 என்றால் எல்லா அணுவும் 86-ஐ ஒட்டி இருக்கலாம். 70-இல் பாதியும் 102-இல் பாதியும் இருந்தாலும் அதே 86 வரும். முதலாவது ஒரு நிலைமை, இரண்டாவது முற்றிலும் வேறு நிலைமை. எண் மட்டும் ஒன்று.

ஆர்.டி.டபிள்யூ. அந்த வித்தியாசத்தைக் காட்டிக் கொடுக்கிறது. அணுக்களின் அளவு சராசரிக்கு இரு பக்கமும் எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கிறது என்பதை, அந்தச் சராசரியின் சதவீதமாகச் சொல்லும் கணக்கு அது. 86-இல் 13 சதவீதம் என்றால் 11. மூன்றில் இரண்டு பங்கு அணுக்கள் 75-க்கும் 97-க்கும் இடையில் என்று தோராயமாகச் சொல்லலாம். 21 சதவீதம் என்றால் 18. இப்போது அந்த வேலி 68-இலிருந்து 104 வரை விரிந்துவிட்டது. நார்மல் வரம்பின் இரண்டு பக்கமும் ஆட்கள் வெளியே நிற்கிறார்கள்.

வெளியே நிற்பவர்களைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது, விலையும் அதிகமில்லை. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் மெலிதாக இழுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைப்பது. அன்று நாங்கள் பார்த்தது இதுதான். ஒரு பக்கம் சின்னச் சின்ன அணுக்கள், நடுவில் நிறமே இல்லாமல் வெளிறி, ஓரத்தில் மட்டும் மோதிரம் போலச் சிவப்பு. அவற்றுக்கு நடுவே பென்சில் மாதிரி நீண்ட சில. அதே வட்டத்துக்குள், கைக்கெட்டும் தூரத்தில், முட்டை வடிவத்தில் பெரிய அணுக்கள், நடு வெளிறல் இல்லாமல் நிறம் ததும்ப. கண்ணாடியை மெல்ல நகர்த்தினால் ஒரு வெள்ளையணு. அதன் உட்கரு வழக்கமாக மூன்று நான்கு துண்டாக இருக்கும். இதில் ஆறு துண்டு.

சின்ன வெளிறிய அணு இரும்புச்சத்துக் குறைவின் முகம். பெரிய முட்டை வடிவ அணுவும் ஆறு துண்டு உட்கருவும் வைட்டமின் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவின் முகம். ஒன்று அணுவைச் சுருக்குகிறது, இன்னொன்று பெரிதாக்குகிறது. இரண்டும் சேர்ந்து எம்.சி.வி.யை நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டன. சுருங்கியதும் இல்லை, பெருத்ததும் இல்லை, ஆகவே இரண்டு குறைவும் இல்லை என்று முதல் பார்வையில் சொன்னோமே, அந்த ‘நார்மல்’ இரண்டு கோளாறு ஒன்றையொன்று மறைத்துக்கொண்டதால் கிடைத்தது. எளிய விளக்கம் தோற்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது. எதிரெதிரான இரண்டு விசை இருக்கும் இடத்தில் ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்பதுதான் எப்போதும் மிக எளிய விளக்கமாகத் தோன்றும்.

ஆறாவது படி: எண்ணிக்கையை எண்ணாதீர்கள், வாய்ப்பை எண்ணுங்கள்

இப்போது ஆக்கம் கட்சிக்காரர் ஒருவர் எழுந்து, நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்பார். சிறிய அணுவும் பெரிய அணுவும் ஒரே கண்ணாடியில் தெரிய ஒரே ஒரு நோயும் போதுமே? உண்மைதான். சிடரோபிளாஸ்டிக் அனீமியா என்று ஒன்று இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் இரும்பு இருந்தும் அதை அணுவுக்குள் பொருத்தத் தெரியாத கோளாறு. அதில் இப்படி இருவகை அணுக்கள் தெரியும். இரண்டு குறைவு என்பதைவிட ஒரு நோய் என்பது எளிமையில்லையா?

எண்ணிக்கையில் எளிமை. வாய்ப்பில் இல்லை. ஒரு பேச்சுக்கு எண் வைத்துப் பார்ப்போம். இவரைப் போன்ற 10,000 பெண்களில் 3,000 பேருக்கு இரும்புச்சத்துக் குறைவு, 1,000 பேருக்கு பி12 குறைவு என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாவிட்டாலும் தற்செயலாக இரண்டும் சேர்ந்து 300 பேரிடம் இருக்கும். அந்த அபூர்வ நோய் 10,000-இல் ஒருவருக்கு என்றே தாராளமாக வைத்தாலும், 300-க்கு 1. நம் நாட்டில் இரும்புக் கணக்கு பேச்சுக்கு வைத்தது மட்டுமல்ல. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. எல்லாமே இரும்பால் வந்ததல்ல, ஆனால் இரும்பின் பங்கு பெரியது.

ஆகவே ஒரு விளக்கத்தில் எத்தனை காரணம் இருக்கிறது என்பதை எண்ணிவிட்டு, ஒவ்வொரு காரணமும் இந்த ஊரில், இந்த வயதில், இந்தச் சாப்பாட்டில் எவ்வளவு சகஜம் என்றும் கேட்க வேண்டும். சகஜமான இரண்டு, அபூர்வமான ஒன்றைப் பல நேரம் ஜெயிக்கும். தைராய்டு கதையில் கத்தி அழகாக வெட்டியதற்கும் இதுவே காரணம். அங்கே அந்த ஒற்றைக் காரணம் சகஜமானது, ஐந்து தனி நோய் ஒரே நேரத்தில் கூடுவதுதான் அபூர்வம்.

ஏழாவது படி: சேர்க்கும் ஒவ்வொரு காரணமும் தனியாகச் சாட்சி கொண்டுவரட்டும்

வாய்ப்பு அதிகம் என்பது தீர்ப்பு இல்லை. இரண்டு காரணம் சொல்கிறோம் என்றால் ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய பரிசோதனை வேண்டும். ஒன்றை நிரூபித்துவிட்டு, அந்தத் தெம்பில் மற்றதையும் ஏற்றுக்கொள்வது நடக்கும். நடக்கக்கூடாது.

இரும்புக்கு ஃபெரிட்டின்: 7 நானோகிராம். 15-க்குக் குறைந்தால் உடலில் இரும்புச் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். இந்த ஒரு எண் இரண்டு வேலை செய்கிறது. இரும்புக் குறைவை உறுதிசெய்கிறது. அதோடு, மஜ்ஜையில் இரும்பு தேங்கிக் கிடக்கும் சிடரோபிளாஸ்டிக் அனீமியாவாக இருந்தால் ஃபெரிட்டின் ஏறியிருக்கும், 7-க்கு இறங்கியிருக்காது. ஆக்கம் கட்சிக்காரர் உட்கார்ந்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: உடலில் தொற்றோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். அதனால் குறைந்த ஃபெரிட்டினை நம்பலாம், நார்மல் ஃபெரிட்டினைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

பி12: 128 பிகோகிராம். 200-க்குக் கீழ் குறைவு. ஃபோலிக் அமிலம் நார்மல். 200-க்கும் 300-க்கும் இடையில் வந்திருந்தால் இழுபறிதான், மெத்தில் மலோனிக் அமிலம் என்ற இன்னொரு பரிசோதனை தேவைப்பட்டிருக்கும். இங்கே தேவையில்லை.

எங்கே நிறுத்துவது என்ற பிரச்சினையும் இதே இடத்தில் வரும். “சார், தலசீமியா ட்ரெய்ட்டும் சேர்த்துப் பாத்துடலாமா?” என்று கூட இருந்த ஹவுஸ் சர்ஜன் கேட்டார். அது பரம்பரையாக வந்து சிவப்பணுக்களைச் சிறிதாக்கும் ஒரு குறைபாடு. ஒன்று இரண்டானதும் ஆர்வம் வந்துவிடும், மூன்றாவதும் இருக்குமோ என்று.

“எதை வெச்சு கேக்கறீங்க? நம்ம லிஸ்ட்ல இன்னும் பதில் வராத வரி எது?”

பட்டியலை மறுபடி பார்த்தார். ஹீமோகுளோபின், ஆர்.டி.டபிள்யூ., நாக்கு, மூச்சு வாங்குவது எல்லாவற்றுக்கும் பதில் வந்துவிட்டது. கால் எரிச்சலுக்கு இரண்டு பேர் போட்டி, அதற்குப் பிறகு வருகிறேன். தலசீமியாவைக் கேட்கும் வரி எதுவும் இல்லை. தவிர, இரும்பு இவ்வளவு குறைந்திருக்கும்போது அந்தப் பரிசோதனையில் பார்க்கும் ஹீமோகுளோபின் ஏ2 தாழ்வாகக் காட்டி ஏமாற்றலாம். இரும்பு நிரம்பிய பிறகும் எம்.சி.வி. 80-க்குக் கீழேயே நின்றால் அன்று கேட்கலாம் என்று எழுதி வைத்தோம். பதில் வராத வரி ஒன்று இருந்தால்தான் புதுக் காரணத்துக்குக் கதவைத் திற.

இடையில் ஒரு சின்ன விஷயம். மூன்று மாத சராசரி சர்க்கரை 8.1 என்று வந்ததே, அதுவும் முழுக்க நம்பத்தக்கதில்லை. இரும்போ பி12-ஓ குறைந்தால் புது அணுக்கள் வருவது குறைந்து பழையவை அதிகம் சுற்றும். பழைய அணுவில் சர்க்கரை அதிகம் ஒட்டியிருக்கும். எண் சற்றுக் கூடுதலாகக் காட்டும். ‘எல்லாம் சுகரால்தான்’ என்ற முதல் விளக்கத்துக்குச் சாட்சி சொன்ன எண்ணையே ரத்தசோகை கொஞ்சம் ஊதிவிட்டிருக்கலாம்.

எட்டாவது படி: ஒரு தளம் கீழே இறங்கி மறுபடி எளிமையைத் தேடுங்கள்

இரண்டு குறைவு என்று நிரூபித்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் செய்யும் தவறு, ஒரே காரணம் என்று முடிப்பவர்களின் தவறுக்குச் சமமானது. குறைவு என்பது நோய் இல்லை, விளைவு. இரண்டு விளைவுக்கும் அடியில் ஒரே வேர் இருக்கலாம்.

உடலின் எதிர்ப்புச் சக்தி இரைப்பையின் உட்சுவரையே அரிக்கும் ஒரு நோய் உண்டு. அமிலம் சுரப்பது குறைவதால் இரும்பு சரியாக உறிஞ்சப்படாது. பி12-ஐ உறிஞ்சத் துணையாக இரைப்பை சுரக்கும் புரதமும் குறைவதால் அதுவும் சேராது. இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும் இரண்டும் குறையலாம். அப்போது மேல் தளத்தில் இரண்டாகத் தெரிவது கீழ்த் தளத்தில் ஒன்று. கத்தியை வீசி எறியாமல் கையிலேயே வைத்திருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். அது எந்தத் தளத்தில் வெட்ட வேண்டும் என்பதுதான் விவாதம்.

இந்தப் பெண்ணிடம் என்ன இருந்தது? இரும்புக்கு மாதம் ஒன்பது நாள் ரத்தப்போக்கு. ஸ்கேனில் கருப்பையில் நார்க்கட்டி இருந்தது. பி12-க்கு சிறு வயது முதல் அசைவமில்லாத சாப்பாடு, எட்டு வருடம் மெட்ஃபார்மின். அந்த மாத்திரையை நீண்ட காலம் சாப்பிடுபவர்களில் பலருக்கு பி12 குறைகிறது. ஆக, இரண்டுக்கும் தனித்தனியாக, கண்ணெதிரே, போதுமான காரணம். இரைப்பைக்கான எதிர்ப்பொருள் பரிசோதனை செய்தோம், இல்லை என்று வந்தது. கீழ்த் தளத்திலும் இங்கே காரணங்கள் பிரிந்தே இருக்கின்றன.

இதே அறிக்கை 60 வயது ஆணுக்கு வந்திருந்தால் நான் இங்கே நின்றிருக்க மாட்டேன். மாதவிடாய் இல்லாதவருக்கு இரும்பு எங்கே போகிறது? குடலில் கசியலாம், அங்கே புற்றுநோய் இருக்கலாம். எண்டோஸ்கோப்பியும் கொலோனோஸ்கோப்பியும் பார்க்காமல் இரும்பு மாத்திரை மட்டும் எழுதி அனுப்புவது ஆபத்து.

ஒன்பதாவது படி: முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு சிகிச்சை தொடங்குங்கள்

இரண்டு காரண விளக்கமும் சோதனைக்கு உட்பட வேண்டியதுதான். எது நடந்தால் நாம் தவறு என்பதை மருந்து ஆரம்பிக்கும் நாளிலேயே எழுதினோம். ஒரு காரணம்தான் உண்மை என்றால், அதற்கான மருந்து மட்டுமே எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டும். இரண்டு என்றால் வேறு மாதிரி நடக்கும். இரும்பு மட்டும் கொடுத்தால் ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறி நின்றுவிடும், சிறிய அணுக்கள் மறைய மறைய எம்.சி.வி. 100-ஐத் தாண்டப் பார்க்கும். பி12 மட்டும் கொடுத்தால் வேகமாக ஏறத் தொடங்கி, இருக்கும் சொற்ப இரும்பும் தீர்ந்து நின்றுவிடும், எம்.சி.வி. 80-க்குக் கீழ் இறங்கும். இப்படி ஒன்றைக் கொடுத்ததும் மற்றது வெளியே வருவதைத் தற்செயலாகப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் மருத்துவர் ஒன்றை மட்டும் கண்டுபிடித்திருப்பார்.

ஆனால் நிரூபணத்துக்காக ஒன்றைக் கொடுத்து மற்றதை நிறுத்தி வைப்பது நியாயமில்லை. பி12 குறைவு நரம்பைத் தின்னும், தாமதித்தால் திரும்பாத சேதம். அதைவிட மோசம், பி12-ஐப் பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுப்பது. ரத்தம் ஏறும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், நரம்பு பின்னால் கெட்டுக்கொண்டே போகும். இவருக்கு இரும்பு மாத்திரையும் பி12 ஊசியும் ஒன்றாகவே ஆரம்பித்தோம். கருப்பைக்குத் தனி சிகிச்சை.

எழுதி வைத்த எதிர்பார்ப்பு: ஒரு வாரம், பத்து நாளில் இளம் சிவப்பணுக்கள் ஏறும். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 2 கிராம் கூடும். ஆர்.டி.டபிள்யூ. முதலில் இறங்காது, ஏறும். புதிதாக வரும் நல்ல அணுக்கள் பழைய இரண்டு கூட்டத்தோடு மூன்றாவதாகச் சேரும் அல்லவா? சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். பழையவை செத்து முடிய நான்கு மாதம் ஆகும், அதன் பிறகுதான் ஆர்.டி.டபிள்யூ. அடங்க வேண்டும்.

மூன்றாவது வாரம் ஆர்.டி.டபிள்யூ. 24 என்று வந்தபோது அவர் மகன் அறிக்கையோடு ஓடிவந்தார். “சார், இது கூடிடுச்சே?” எழுதி வைத்த தாளைக் காட்டினேன்.

கால் எரிச்சல்

பட்டியலில் பாக்கி இருந்த வரி இது. சுகரும் இதைச் செய்யும், பி12 குறைவும் இதைச் செய்யும். பிரித்துச் சொல்ல முதல் நாள் எனக்கு வழி இல்லை. கால் பெருவிரல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாமல் இருந்தது, பெடலில் கால் இருப்பதே தெரியவில்லை என்றது எல்லாம் பி12 பக்கம் சாய்ந்தன. எட்டு வருட சுகர் மறுபக்கம் சாய்ந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அதனால் தேர்ந்தெடுக்கவில்லை. ஆறு மாதத்தில் பெடல் காலுக்குத் தெரிய ஆரம்பித்தது. இரவில் பாதம் எரிவது பாதியாகக் குறைந்து, அதற்குமேல் குறையாமல் நின்றது. அந்த மிச்சப் பாதியை சுகர் கணக்கில் எழுதி, அதற்கான சிகிச்சையைக் கூட்டினோம்.

நான்காவது மாத முடிவில் வந்த ரத்த அறிக்கை: ஹீமோகுளோபின் 12.3, ஆர்.டி.டபிள்யூ. 14.1. எம்.சி.வி. முதல் நாள் 86, இன்று 88. அந்த ஒரு வரியை மட்டும் பார்த்தால் நான்கு மாதமாக இந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே நடக்கவில்லை.